வாங்காமல் விட்ட 188 புத்தகங்கள்

தாராவியில் ஒரு மாநகராட்சிப் பள்ளி. தமிழ் வழி. மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அங்கே ஒரு நூலகம் அமைத்தோம். கம்பெனிகள் சமூகப் பணிக்காக ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்திலிருந்து, ஒரு கம்பெனி கொடுத்தது ஆறு லட்சம் ரூபாய். 2023 ஜூனில் ஆரம்பித்து 2024 மார்ச்சில் முடிந்த திட்டம். ஏப்ரல் 30-க்குள் இறுதி அறிக்கை தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எங்கள் சிறிய அறக்கட்டளையில் அந்த அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னுடையது.

நான் எழுதிய முதல் வரைவில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "தமிழ்ப் புத்தகங்கள் மும்பையில் கிடைக்காததாலும், சென்னையில் இருப்பு இல்லாததாலும், 1,600 புத்தகங்களுக்குப் பதில் 1,412 புத்தகங்களே வாங்க முடிந்தது." பொய் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கடைசியில் நான் அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும்.

எங்கள் கணக்கைப் பார்ப்பவர் ஒரு தம்பி, பி.காம். முடித்தவர். வரைவை வாங்கிப் படித்துவிட்டு ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து வைத்தார். "அக்கா, நவம்பர்ல சென்னையிலிருந்து கொட்டேஷன் வந்திருக்கே. புத்தகம் வந்துடுச்சுன்னு எழுதியிருக்காங்க. நாம ஏன் ஆர்டர் போடலன்னு அவங்க கேட்டா என்ன சொல்லுறது?"

எனக்குப் பதில் தெரியும். நவம்பரில் எங்களிடம் அதற்குப் பணம் இல்லை. அந்தப் பணம் ஆகஸ்டிலேயே ரேக்குக்கும் சுவருக்கும் போய்விட்டது.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பட்ஜெட்டில் புத்தகத்துக்கு 2,40,000 ரூபாய், ரேக்கும் அறையும் சேர்த்து 1,10,000. மீதி நூலகரின் மதிப்பூதியம், பயிற்சி, மதிப்பீடு, அலுவலகச் செலவு. பட்ஜெட் போட்டபோது நான் பெரும்பாலும் புத்தகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. விலையை அப்படியே எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். அதே கையோடு ரேக்கின் கணக்கையும் போட்டுவிட்டேன். ஆறு இரும்பு ரேக், நான்கு தாழ்வான ஸ்டாண்டு, எல்லாம் சேர்த்து 75,000 ரூபாய் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அதன் அடியில் சின்ன எழுத்தில் "வரி தனி" என்று இருந்ததை நான் பார்க்கவில்லை. 18 சதவீதம். 13,500 ரூபாய். வியாபாரி என்றால் கட்டிய வரியைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். நம்மைப் போன்ற அறக்கட்டளைக்கு அந்த வழி இல்லை. கட்டும் வரி முழுவதும் செலவுதான்.

அடுத்தது மழை. ஜூலையில் மும்பை மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நூலகத்துக்குக் கொடுத்த அறை மேல்மாடியில், மேற்குப் பக்கச் சுவரோடு. முதல் இரண்டு வாரத்திலேயே சுவரை ஒட்டியிருந்த புத்தகங்களின் அட்டையில் சாம்பல் நிறப் பூஞ்சை. ரேக்கை நகர்த்தினோம், ஃபேனை ஓடவிட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சுவரில் விரிசல். மேஸ்திரியை வைத்து அதைப் பூசி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து, உள்சுவரையும் சுரண்டிப் பூச 22,800 ரூபாய் ஆனது. பள்ளி நிர்வாகத்தின் வழியாகப் போயிருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும், ஆனால் மழைக்காலம் முடிந்திருக்கும்.

ஆக, 36,300 ரூபாய் கூடுதல். பட்ஜெட்டில் ரேக்குக்கும் அறைக்கும் இருந்த தலைப்பில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் ஒப்பந்தத்தில், ஒரு தலைப்பின் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது. நான் போனில் கேட்டேன். அந்தக் கம்பெனியில் எங்கள் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலர் நல்லவர். "புத்தகம் நனையக் கூடாது, முதலில் சுவரைச் சரி பண்ணுங்கள்" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே "இன்று போனில் பேசியபடி" என்று ஆரம்பித்து நான்கு வரியில் ஒரு மெயில் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. டிசம்பரில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு எங்கள் ஆகஸ்டு மாதம் எப்படித் தெரியும்?

இப்போது புத்தகத்துக்கு வருவோம். 1,600-இல் 400 புத்தகங்கள் முதல் நிலை வாசிப்புக்கானவை. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மீதியெல்லாம் படம். சராசரியாக 60 ரூபாய் விலை. ஜூனில் ஆர்டர் போட்டபோது சென்னையில் அவற்றில் பாதிக்கு மேல் மறுபதிப்பு வர வேண்டியிருந்தது. 212 மட்டும் வந்தன. பெரிய பிள்ளைகளுக்கான 1,200 புத்தகங்களும் முழுதாக வந்தன, தள்ளுபடியோடு. அதனால் புத்தகத் தலைப்பில் பணம் மிச்சம் போலத் தெரிந்தது. ஆகஸ்டில் ரேக்குக் கடைக்காரருக்கும் மேஸ்திரிக்கும் உடனே கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தோம். நவம்பரில் முதல் நிலைப் புத்தகங்கள் வந்துவிட்டன என்று சென்னையிலிருந்து தாள் வந்தபோது, மாதாமாதம் நூலகருக்குக் கொடுக்க வேண்டியதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கையில் ஒன்றும் இல்லை. வாங்காமல் விட்டவை 188 புத்தகங்கள். விலை சுமார் 11,300 ரூபாய்.

அறிக்கையில் இதை "தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்கவில்லை" என்று எழுதுவது எளிது. யாரும் மறுக்க மாட்டார்கள். மும்பையில் தமிழ்ப் புத்தகம் கிடைப்பது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

அப்போதுதான் இரவல் ரிஜிஸ்டரை எடுத்து உட்கார்ந்தேன்.

எங்கள் நூலகர், பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் தாராவியில். பத்து மாதமும் ஒரு நாள் விடாமல் ரிஜிஸ்டர் எழுதியிருந்தார்: தேதி, பிள்ளையின் பெயர், வகுப்பு, புத்தக எண், திரும்பி வந்த தேதி. மொத்தம் 4,926 இரவல்கள். நூலகம் திறந்தபோது அந்த வகுப்புகளில் 186 பிள்ளைகள். வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 26 புத்தகம். வரைவில் அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். "ஒவ்வொரு குழந்தையும் சராசரியாக 26 புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துச் சென்றுள்ளது."

தம்பியும் நூலகரும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து, தேதிவாரியாக இருந்ததைப் பிள்ளைவாரியாக மாற்றி எழுதினோம். எக்செல்லில் ஒரு வரிக்கு ஒரு பிள்ளை. வேறு பெரிய வேலை எதுவும் இல்லை. முடிந்ததும் எடுத்த எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்திப் பார்த்தோம்.

மேலே இருந்த 41 பிள்ளைகள் மட்டும் 2,610 புத்தகங்கள் எடுத்திருந்தார்கள். மொத்தத்தில் பாதிக்கு மேல். வரிசையின் நட்டநடுவில் இருந்த பிள்ளை எடுத்தது 17. கடைசியில் 29 பிள்ளைகள். பத்து மாதத்தில் ஐந்து புத்தகம்கூட எடுக்காதவர்கள்.

26 என்ற சராசரி தப்பில்லை. ஆனால் அது அந்த 41 பிள்ளைகளின் ஆர்வத்தை 186 பேருக்கும் பிரித்துக் கொடுத்து வந்த எண். நடுவில் இருக்கும் பிள்ளையின் எண் 17 என்பதுதான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நெருக்கமானது. அறிக்கையில் இரண்டையும் போட்டேன், 17-ஐ முதலில்.

எனக்கு அந்த 29 பேர்தான் முக்கியமாகப் பட்டார்கள். பெயர்களைத் தனித்தாளில் எழுதி, பக்கத்தில் வகுப்பைக் குறித்தோம். 19 பேர் ஏழாம் வகுப்பு. நூலகர் பார்த்தவுடனே சொன்னார்: "ஏழாங்கிளாசுக்கு சனிக்கிழமைதானே டீச்சர் லைப்ரரி பீரியடு." சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பெரிய பையன்கள் பலர் அன்று வருவதில்லை, அப்பாவோடு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. வருகைப் பதிவேட்டைப் பார்த்தோம், அவர் சொன்னது சரியாகவே இருந்தது. புத்தகத்திலோ பிள்ளைகளிலோ கோளாறு இல்லை, கால அட்டவணையில்தான். ஜூனில் யாரும் இதை யோசிக்கவில்லை. வாரம் ஒரு வகுப்புக்கு ஒரு பீரியடு என்று வரிசையாகப் போட்டதில், கடைசி வகுப்புக்குக் கடைசி நாள் விழுந்தது.

மீதி பத்துப் பேர் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் சிதறிக் கிடந்தார்கள். அவர்களுக்குக் கால அட்டவணை காரணம் இல்லை. ஜூலையில் நாங்கள் எடுத்த வாசிப்பு மதிப்பீட்டுத் தாளை எடுத்து ஒப்பிட்டோம். அதில் நான்கு படி உண்டு: எழுத்து, சொல், சிறிய பத்தி, கதை. ஏசர் அறிக்கைக்காக நாடு முழுவதும் கிராமங்களில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறார்களே, அதே மாதிரியான முறைதான். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்கார வைத்து ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். இந்தப் பத்துப் பேரும் ஜூலையில் எழுத்துப் படியில் இருந்தவர்கள். சொல்லைச் சேர்த்துப் படிக்க வராதவர்கள்.

"இவங்களுக்கு எடுத்துக் குடுக்க என்கிட்ட என்ன இருந்துச்சு டீச்சர்?" என்றார் நூலகர். "சின்னப் புத்தகம் அம்புட்டையும் மூணாங்கிளாஸ் பிள்ளைங்க எடுத்துட்டுப் போயிரும். ஒண்ணு திரும்பி வந்தா நாலு கை நீளும். இவங்க பெரிய கிளாஸ், போட்டி போட மாட்டாங்க. பார்த்துட்டுப் போயிருவாங்க."

அந்த 188 புத்தகங்கள் இவர்களுக்கானவை.

இதை உணர்ந்த பிறகு "கிடைக்கவில்லை" என்ற வாக்கியத்தை என்னால் விட்டுவைக்க முடியவில்லை. செலவு அட்டவணை கடைசிப் பக்கத்தில் ஆடிட்டரின் கையெழுத்தோடு இருக்கும், பிள்ளைகளின் கதை முதல் பக்கத்தில் படத்தோடு இருக்கும், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். நானே அதுவரை பார்த்ததில்லை. ரேக்கில் ஆன கூடுதல் செலவும், பத்துப் பிள்ளைகள் புத்தகம் எடுக்காததும் ஒரே சங்கதி என்பது அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது.

அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: முதல் நிலைப் புத்தகங்கள் 400 வாங்கத் திட்டமிட்டோம். ஜூனில் 212 மட்டுமே கிடைத்தன. நவம்பரில் மீதி கிடைத்தபோது, ரேக்கின் வரியும் சுவர்ப் பூச்சும் புத்தகத் தலைப்பின் மிச்சத்தை எடுத்துக்கொண்டிருந்தன. வரியைப் பட்ஜெட்டில் சேர்க்காதது எங்கள் பிழை. மழை எங்கள் பிழை இல்லை, ஆனால் அறையை மழைக்கு முன் பார்க்காதது எங்கள் பிழை. எழுத்துப் படியில் இருந்த பத்துப் பிள்ளைகள் ஐந்துக்கும் குறைவான புத்தகங்களே எடுத்திருக்கிறார்கள், அவர்களில் எட்டுப் பேர் மார்ச்சிலும் அதே படியில் இருக்கிறார்கள். கூடுதல் செலவுக்குப் போனில் மட்டுமே அனுமதி பெற்றோம், எழுத்தில் பெறவில்லை.

கடைசி வரியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஆனால் அந்தச் செலவு அட்டவணையில் 33 சதவீதம் என்று கண்ணுக்கு எதிரே நிற்கிறது. நாம் சொல்லாவிட்டால் அவர்கள் கேட்பார்கள். கேட்ட பிறகு சொன்னால் மறைத்தது போல ஆகிவிடும்.

புத்தக எண்ணிக்கையில் இன்னொரு சபலமும் இருந்தது. மாட்டுங்கா, சயான் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்களை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். நல்லவையாகப் பொறுக்கி 230 புத்தகங்களை நூலகத்தில் சேர்த்தோம். 1,412 உடன் 230 சேர்த்தால் 1,642. இலக்கு 1,600. "நூலகத்தில் இப்போது 1,642 புத்தகங்கள் உள்ளன" என்று எழுதினால் அதுவும் உண்மைதான். ஆனால் கம்பெனியின் பணத்தில் வாங்கியது எத்தனை என்பதுதான் அவர்களின் கேள்வி. அதனால் இரண்டு வரியாகப் பிரித்துப் போட்டேன். பதிவேட்டில் நன்கொடைப் புத்தகங்களுக்கு விலைப் பத்தியில் கோடு போட்டு, "இலவசம்" என்று ஆரம்பத்திலேயே நூலகர் குறித்திருந்ததால் இது ஐந்து நிமிட வேலையாக முடிந்தது. கலந்து எழுதியிருந்தால் பில்லையும் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் பிரித்திருக்க வேண்டும்.

மார்ச்சில் இருப்புச் சரிபார்த்தோம். 1,642-இல் ரேக்கில் இருந்தவை 1,537. பிள்ளைகளின் கையில் 61. மீதி 44. அதில் 21 கிழிந்தும் பூஞ்சை பிடித்தும் பயன்படாமல் போனவை, 23 காணவில்லை.

இந்த 23-ஐ எழுதக் கூடாது என்று பள்ளியில் மன்றாடினார்கள். தலைமை ஆசிரியை என்னைத் தனியே அழைத்து, "மேடம், காணோம்னு எழுதினா என் பேர்ல வரும்" என்றார். அவருடைய பயம் நியாயமானது. பள்ளிச் சொத்து எது காணாமல் போனாலும் அதன் பொறுப்பாளர் கையிலிருந்து கட்ட வேண்டும் என்ற பழக்கத்திலேயே ஆசிரியர்கள் வேலை பார்த்து வந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம். பூட்டி வைத்த புத்தகம் தொலையாது.

எனவே அந்த எண்ணை மறைக்காமல், அது எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்க வைத்தேன். 4,926 முறை வெளியே போய் வந்ததில் 23 திரும்பவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில், ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் மாதங்களில், பிள்ளைகள் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி டிவிக்கு மேலே வைத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். அதோடு, தொலைந்த புத்தகத்துக்குப் பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ பணம் வசூலிப்பதில்லை என்பது திட்டத்தின் விதி என்றும், அந்த விதி தொடர வேண்டும் என்றும் அறிக்கையிலேயே எழுதினேன். தலைமை ஆசிரியைக்கு அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுத்தோம். நிம்மதியானார். மாறாக, ஒன்றுமே தொலையவில்லை என்று ஒரு நூலக அறிக்கை சொன்னால், நான் முதலில் இரவல் ரிஜிஸ்டரைக் கேட்பேன்.

இப்போது வாசிப்பு முன்னேற்றம். நன்கொடையாளர்கள் முதலில் தேடும் எண் இது. நாங்கள் தடுமாறியதும் இதில்தான்.

ஜூலையில் 174 பிள்ளைகளைப் பார்த்தோம். கதைப் படியில் இருந்தவர்கள் 61 பேர், 35 சதவீதம். மார்ச்சில் 171 பேர். கதைப் படியில் 98, அதாவது 57 சதவீதம். 22 புள்ளி ஏற்றம். பார்க்க நன்றாக இருந்தது. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் விடவில்லை. 174-க்கும் 171-க்கும் மூன்றுதான் வித்தியாசம், ஆனால் அதே பிள்ளைகளா?

இல்லை. தாராவியில் குடும்பங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். வாடகை ஏறும், ஊருக்குப் போவார்கள், பிள்ளையை ஆங்கில வழிக்கு மாற்றுவார்கள். பெயரை வைத்து ஒப்பிட்டால் இரண்டு முறையும் இருந்தவர்கள் 152 பேர்தான். மார்ச்சில் இருந்த 19 பேர் நடுவில் வந்து சேர்ந்தவர்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் 14 பேர் கதைப் படியில் இருந்தார்கள். அவர்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது எங்கள் நூலகம் இல்லை.

அந்த 152 பேரை மட்டும் எடுத்தால் 57 பேர் என்பது 84 ஆகியிருக்கிறது. 37.5 சதவீதத்திலிருந்து 55. ஏற்றம் 18 புள்ளி. நான்கு புள்ளி குறைந்தது. அறிக்கையில் இதைத்தான் போட்டேன், மற்றதை அடிக்குறிப்பில் விளக்கினேன்.

இதுவும் நூலகத்தால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. பத்து மாதம் பள்ளிக்கூடம் நடந்திருக்கிறது, ஆசிரியர்கள் பாடம் எடுத்திருக்கிறார்கள், பிள்ளைகளும் ஒரு வயது வளர்ந்திருக்கிறார்கள். நூலகம் இல்லாத இன்னொரு பள்ளியோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். அதற்கு எங்களிடம் வசதி இல்லை. எங்கள் கையில் இருந்த தாள்களை வைத்தே ஓரளவு பார்க்க ஒரு வழி இருந்தது. மார்ச்சில் நான்காம் வகுப்பை முடிக்கும் பிள்ளையும், முந்தைய ஜூலையில் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளையும் படித்த ஆண்டுகளில் கிட்டத்தட்ட ஒன்றுதான். முதல் பிள்ளைக்கு நூலகம் இருந்தது, இரண்டாவது பிள்ளைக்கு இல்லை. பள்ளியும் ஆசிரியர்களும் அதே. ஜூலையில் ஐந்தாம் வகுப்பில் 35 பேரில் 14 பேர் கதைப் படியில் இருந்தார்கள், 40 சதவீதம். மார்ச்சில் நான்காம் வகுப்பில், ஆரம்பத்திலிருந்து இருந்த 30 பேரில் 16 பேர், 53 சதவீதம்.

நூலகத்தின் பக்கம் சாய்கிற எண்தான். ஆனால் முப்பது பிள்ளைகளில் மூன்று நான்கு பேர் இப்படியோ அப்படியோ மாறினால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் போய்விடும். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கொஞ்சம் மறந்து வருவதால் ஜூலை எண் எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். இரண்டு குறையையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதினேன், கடைசிப் பக்கத்துக்குத் தள்ளவில்லை.

கணக்குப் பக்கம் சீக்கிரம் சொல்லிவிடலாம். பில்கள் எல்லாம் அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும், பள்ளியின் பெயரிலோ என் பெயரிலோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு பில்லிலும் திட்டத்தின் பெயரை முத்திரையாகக் குத்திவிட்டோம். அதே பில்லை இன்னொரு நன்கொடையாளரிடம் காட்ட முடியாது என்பதற்காக. மேஸ்திரி ரொக்கமாகக் கேட்டார். ஒரே நாளில் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அறக்கட்டளையின் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது. பேசிப் புரியவைத்து அவருடைய வங்கிக் கணக்கிலேயே போட்டோம். பணம் திட்டத்துக்கே செலவானது என்று ஆடிட்டர் தந்த யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்டில் யு.டி.ஐ.என். எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதை வைத்துத்தான் சர்டிபிகேட் அசல்தானா என்று ஆன்லைனில் சரிபார்ப்பார்கள்.

மார்ச் கடைசி வாரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஆர். பணத்தில், கம்பெனி நமக்கு அனுப்பிவிட்டது என்பதாலேயே அது செலவானதாக ஆகாது. நாம் அதைத் திட்டத்துக்குச் செலவழித்தால்தான் அவர்களுக்கு அது செலவு. அதனால் நிதியாண்டு முடியும்போது "முழுதும் முடிந்ததா" என்று போன் வந்துகொண்டே இருக்கும். எங்களிடம் 2,400 ரூபாய் மீதி. திட்டத்தின் வங்கிக் கணக்கில் சேர்ந்த வட்டி 4,380. ஆக 6,780. புத்தக வியாபாரி ஒருவர், மார்ச் 28 தேதியிட்டு இப்போதே பில் தருகிறேன், புத்தகம் ஜூனில் அனுப்புகிறேன் என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, பலருக்கும் அப்படிச் செய்து கொடுப்பவர்தான். வேண்டாம் என்றுவிட்டோம். வராத புத்தகத்துக்குப் பதிவேட்டில் எண் போட முடியாது. மார்ச் 28-ஆம் தேதி பில்லும் ஜூன் மாதப் பதிவு எண்ணும் ஒரு ஃபைலில் அடுத்தடுத்து இருந்தால், அதற்கு முன் உள்ள எல்லாப் பில்லின் மேலும் சந்தேகம் வரும்.

மீதியை மீதியாகவே காட்டினோம், வட்டியைத் தனி வரியில். வட்டியும் திட்டத்தின் பணம்தான். பலர் அதைப் பொதுக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அறிக்கையோடு வைத்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்வி: இந்த 6,780 ரூபாயைத் திருப்பி அனுப்பவா, அல்லது வாங்காமல் விட்ட முதல் நிலைப் புத்தகங்களில் முடிந்ததை வாங்கவா, எழுத்தில் சொல்லுங்கள்.

மே இரண்டாம் வாரம் புதிய அலுவலர் போன் செய்தார். 33 சதவீதத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தார். மழை, வரி, பழைய அலுவலரோடு பேசியது, எல்லாவற்றையும் சொன்னேன். பூஞ்சை பிடித்த சுவரின் புகைப்படம், தேதியோடு, இணைப்பில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அடுத்த முறை இப்படி நடந்தால் எங்கள் மேல் ஆட்சேபம் எழுதுவோம் என்றும் சொன்னார். சரி என்றேன். அது அவருடைய வேலை. அப்புறம் கொஞ்ச நேரம் அந்தப் பத்துப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். ஏழாம் வகுப்பின் பீரியடை மாற்ற முடியுமா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமைக்கு மாற்றத் தலைமை ஆசிரியை ஒத்துக்கொண்டிருந்தார், அதைச் சொன்னேன்.

ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மீதிப் பணத்தை அதே நூலகத்துக்கே செலவிடலாம், பில்லையும் பதிவேட்டின் நகலையும் ஜூலைக்குள் அனுப்ப வேண்டும். 104 புத்தகங்கள் 6,240 ரூபாய், பார்சல் 540. ஜூன் கடைசியில், நல்ல மழையில், இரண்டு அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. நூலகர் பதிவேட்டில் 1643 முதல் 1746 வரை எண் போட்டார். அதில் முப்பதைத் தனியாக எடுத்து ஒரு தாழ்வான ஸ்டாண்டில் அடுக்கி, நான்காம், ஐந்தாம் வகுப்புகள் வரும் நாளில் மட்டும் அதை வெளியே இழுத்து வைக்கிறார். மூன்றாம் வகுப்பு வரும்போது அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிடுகிறார்.